மத்தியானச் சோறு ராத்திரி திரும்பி வந்தால்

கேள்வி: டாக்டர் ஐயா, என் மாமனாருக்கு 74 வயது. ஒன்றரை வருஷமாகச் சாப்பிட்டது எதுக்களித்து வருகிறது. மத்தியானம் சாப்பிட்ட பீன்ஸ் பொரியல் ராத்திரி படுக்கும்போது அப்படியே வாய்க்கு வருகிறது. காலையில் தலையணை உறை நனைந்திருக்கிறது. காபி குடித்தால் கழுத்தில் ‘களுக் களுக்’ என்று பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கிறது. வாய் நாற்றத்துக்காகப் பல் சுத்தம் செய்தோம், பலனில்லை. பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பதால் இப்போது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். கேஸ் மாத்திரை ஒரு வருஷமாகப் போடுகிறார். நாலு கிலோ இளைத்துவிட்டார். அடுத்த வாரம் எண்டோஸ்கோபி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆபரேஷன் என்றால் இந்த வயதில் தாங்குவாரா? (வாசகி, தென்காசி)

பதில்: அம்மா, இன்று ராத்திரியே உங்கள் மாமாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வாய்க்குத் திரும்பி வருவது புளிப்பாகவோ கசப்பாகவோ இருக்கிறதா, இல்லை சாப்பிட்டபோது இருந்த ருசியிலேயே இருக்கிறதா? இரைப்பைக்குள் இறங்கின உணவு அமிலத்தில் ஊறிக் கரைந்துவிடும். அங்கிருந்து மேலே வந்தால் புளிக்கும், தொண்டை எரியும். ஆறேழு மணி நேரம் கழித்தும் பீன்ஸ் பீன்ஸாகவே வருகிறது, புளிப்பும் இல்லை என்றால், அந்தப் பீன்ஸ் இரைப்பைக்குப் போகவே இல்லை. வழியில் எங்கோ தங்கியிருக்கிறது. தங்கின இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது வேலை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வயதான அம்மா ‘எதுக்களிக்கிறது’ என்று வந்தார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அமிலத் தொந்தரவு என்று முடிவு கட்டி, மூன்று மாதம் கேஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். புளிக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் மகள் ஒரு நாள் டம்ளரில் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். காலையில் சாப்பிட்ட இட்லி, வெள்ளை வெளேரென்று, சட்னியில் இருந்த கடுகு கூட மாறாமல். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து எதுக்களிப்பு என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி ருசியைப் பற்றித்தான்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், பின்சுவரில் ஒரு பை உருவாகியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். ஜென்கர் டைவர்டிகுலம் என்று இதற்குப் பெயர். 1877-இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஜென்கரின் பெயர் இது. ‘தொண்டைப் பை’ என்று சொன்னாலே போதும். 60 வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் வரும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். நாற்பதுக்குக் கீழே காண்பது அபூர்வம். கடிதத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் இந்த அளவுக்கு இருக்கும்போது, அடுத்த வார எண்டோஸ்கோபிக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

நாளைக்கே அந்த டாக்டரைக் கூப்பிட்டு இந்த மூன்றையும் சொல்லுங்கள்: சாப்பிட்டது பல மணி நேரம் கழித்து மாறாமல் வருகிறது, கழுத்தில் சத்தம் கேட்கிறது, தலையணை நனைகிறது. ‘தொண்டையில் பை இருக்குமா, முதலில் பேரியம் எக்ஸ்ரே எடுத்துவிடலாமா’ என்று கேளுங்கள். இந்தப் பை பெரிதாகப் பெரிதாக, உணவுக்குழாயை முன்பக்கம் தள்ளிவிட்டுத் தானே தொண்டைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் மேலிருந்து விடும் எந்தக் குழாயும் உணவுக்குழாய்க்குள் போவதற்குப் பதிலாகப் பைக்குள்தான் போகப் பார்க்கும். பையின் சுவரில் தசை கிடையாது, வெறும் உள்சவ்வுதான். பை இருப்பது தெரியாமல் குழாயை அழுத்தினால் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. ஓட்டை விழுந்தால் கிருமி கழுத்து வழியாக நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும். அது உயிருக்கே ஆபத்து. பை இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் அதே டாக்டர் அதே எண்டோஸ்கோபியை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துப் பார்த்துப் பத்திரமாகச் செய்துவிடுவார். எண்டோஸ்கோபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை மாற வேண்டும், அவ்வளவுதான்.

பேரியம் ஸ்வாலோ என்பது எளிய பரிசோதனை. ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக, கொஞ்சம் கெட்டியாக ஒரு திரவம் தருவார்கள். அதை வாயில் வைத்துக்கொண்டு, சொல்லும்போது விழுங்க வேண்டும். விழுங்க விழுங்க எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும். பை இருந்தால் கழுத்தெலும்புக்கு முன்னால் வெள்ளையாக ஒரு பை நிரம்பித் தொங்குவது திரையிலேயே தெரியும். மீதித் திரவம் அதன் விளிம்பைத் தாண்டி வழிந்து கீழே போகும். பை பின்பக்கம் இருப்பதால் பக்கவாட்டுப் படத்தில்தான் நன்றாகத் தெரியும். நேர்ப்படம் மட்டும் எடுத்தால் சின்னப் பை மறைந்துவிடலாம், பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்தாலே அவருக்குப் புரையேறும் என்றால் அதையும் எக்ஸ்ரே அறையில் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கும் மறுநாளும் தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், இல்லையென்றால் பேரியம் மலச்சிக்கல் ஆக்கும்.

பை எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் சிகிச்சையும் தானாகப் புரியும். உணவுக்குழாயின் வாசலில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையின் கயிறு மாதிரி எந்நேரமும் இறுக்கிக்கொண்டிருக்கும். நாம் விழுங்கும் அந்த ஒரு கணம் மட்டும் தளர்ந்து வழிவிட்டு, மறுபடி இறுகும். வயதானால் சிலருக்கு இந்தத் தசை விறைத்துப்போய், விழுங்கும்போது முழுதாக விரிவதில்லை. மேலிருந்து நாக்கும் தொண்டையும் வழக்கம்போல அழுத்தித் தள்ளுகின்றன, கீழே கதவு பாதிதான் திறக்கிறது. அழுத்தம் எங்கே போகும்? அந்த வளையத்துக்குச் சற்று மேலே, பின்சுவரில், தசைநார்கள் சாய்வாகவும் குறுக்காகவும் பிரியும் இடத்தில் சின்ன முக்கோணமாக ஓர் இடைவெளி எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. பழைய சைக்கிள் டயரின் கிழிசலில் டியூப் பிதுங்கி வருமே, அதேபோல உள்சவ்வு அந்த இடைவெளி வழியாகப் பிதுங்குகிறது. ஒவ்வொரு கவளமும் அதை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. வருஷக்கணக்கில் நெல்லிக்காய் அளவு எலுமிச்சை அளவாகிறது, சிலருக்கு அதையும் தாண்டுகிறது. ஆக, கோளாறு தொடங்கியது பையில் இல்லை, திறக்காத வளையத்தில்.

அந்தப் பையில் தங்கின சோறும் காயும் உடம்புச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்து கெட்டுப்போகின்றன. நாற்றம் அங்கிருந்து வருகிறது. பல்லை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அது போகாது. இதைப் பேரப்பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். தாத்தா வாய் கொப்பளிக்காததால் வந்ததில்லை இது. தனியாகச் சாப்பிடுவதற்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: புரையேறினால் பார்க்க ஆள் இருக்காது. பக்கத்தில் உட்கார்த்தியே சாப்பாடு போடுங்கள்.

கழுத்துச் சத்தம் பைக்குள் காற்றும் நீரும் கலந்து புரளும் சத்தம். எங்களிடம் வரும்போது ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லி, கழுத்தின் இடப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தெளிவாகக் கேட்கும். சிலருக்கு அந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தினால் தண்ணீர் வாய்க்கே திரும்பும். வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அதே இடத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. வயதானவர்களுக்கு அங்கே அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் போட்டு விழலாம்.

தலையணை நனைவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. விழித்திருக்கும்போது எதுக்களித்தால் துப்பிவிடலாம். தூக்கத்தில் படுத்த நிலையில் பை கவிழ்ந்து கொட்டும்போது, அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள், வயது 71. ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா. இரண்டு முறையும் மருத்துவமனையில் சேர்த்துக் குணப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் புரியவில்லை. கூடவே சர்க்கரையும் கட்டுப்படவில்லை. மாத்திரை அளவை மூன்று தடவை கூட்டியிருந்தார்கள். ராத்திரி இருமல் வருமா என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: ‘படுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து இருமுவார், துண்டில் சோற்றுப் பருக்கை இருக்கும்.’ தண்ணீர் குடிக்கச் சொன்னேன், கழுத்தில் சத்தம் கேட்டது. அழுத்தினபோது மோர் நிறத்தில் நீரும், அதனுடன் பாதி கரைந்த ஒரு மாத்திரையும் வந்தன. காலையில் போட்ட சர்க்கரை மாத்திரை அது. நான் பார்த்தபோது மணி பன்னிரண்டு. பேரியத்தில் சுமார் 4 சென்டிமீட்டர் பை தெரிந்தது. நிமோனியா, சர்க்கரை ஏற்ற இறக்கம், எதுக்களிப்பு என்று மூன்று டாக்டர்கள் மூன்று நோயாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே பையின் வேலை.

உங்கள் மாமாவுக்கு இதுவரை நிமோனியா வந்ததாக நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பி.பி., சர்க்கரை, இதய மாத்திரை ஏதாவது போடுகிறார் என்றால், அவை முழுதாக வயிற்றுக்குப் போகின்றனவா என்ற சந்தேகமும் இருக்கட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் போடும் மாத்திரை, ஆஸ்பிரின், பொட்டாசியம் மாத்திரை இவையெல்லாம் பைக்குள் தங்கினால் சவ்வைப் புண்ணாக்கும். இவற்றுக்குப் பதிலாகத் திரவ மருந்தோ வேறு மாற்றோ உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பொடித்துக் கொடுப்பதாக இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். உணவுக்குழாய்ப் புற்றுநோயின் போக்கு வேறு மாதிரி. முதலில் சோறும் தோசையும் நெஞ்சில் அடைக்கும். சில வாரங்களில், மாதங்களில் கஞ்சி அடைக்கும். அப்புறம் தண்ணீரே இறங்காது. எடை மளமளவென்று குறையும். ஒன்றரை வருஷம் இழுத்துக்கொண்டு, காபியும் சோறும் ஒரே மாதிரி போய்வந்து, கழுத்தில் சத்தமும் கேட்பது அந்தப் போக்கு இல்லை. பைக்குள்ளேயே புற்றுநோய் வருவதும் உண்டு, ஆனால் மிக அபூர்வம். அவருடைய நாலு கிலோவுக்குச் சரியாகச் சாப்பிட முடியாததே காரணமாக இருக்கலாம். இருந்தாலும் 74 வயதில் விழுங்குவதில் சிரமம், எடைக் குறைவு என்று வந்துவிட்டால் ஊகத்தில் விடக் கூடாது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி திறக்காத அக்கலேசியா என்ற நோயிலும் உணவு மாறாமல் திரும்பி வரும். அதனால்தான் பேரியம் முடிந்ததும் எண்டோஸ்கோபியும் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். எதுக்களித்ததில் ரத்தம் தெரிந்தாலோ, சில வாரங்களுக்குள் விழுங்குவது திடீரென மோசமானாலோ, குரல் மாறினாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

பை உறுதியானால் அதைச் சுருக்க மருந்து கிடையாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாத்திரை, கஷாயம் என்று மாதங்களை விட்டுவிட்டுப் பாதி எடையோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் அளவில், தொந்தரவே இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த பையை விட்டுவிடலாம். உங்கள் மாமாவுக்கு இருப்பது போன்ற தொந்தரவு என்றால் ஆபரேஷன்தான் தீர்வு.

இதில் செய்வது என்ன? பையும் உணவுக்குழாயும் முன்னும் பின்னுமாக இருக்க, நடுவில் ஒரு பொதுச் சுவர் நிற்கிறது. அந்த விறைத்த வளையத் தசை அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. சுவரை மேலிருந்து கீழாக வெட்டிவிட்டால் தசை அறுபட்டு வாசல் திறந்துகொள்ளும். பையும் உணவுக்குழாயும் ஒரே கூடமாகிவிடும், உணவு தங்க மூலை இருக்காது. இதை வாய் வழியாகவே செய்யலாம், கழுத்தில் தழும்பு இல்லை. முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாக ஒரு உலோகக் குழாயை நிறுத்தி, நடுவில் வெட்டிக்கொண்டே இரண்டு ஓரங்களையும் பின் அடித்து மூடும் ஸ்டேப்ளர் கருவியால் வெட்டுவோம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மறுநாள் திரவ உணவு, ஓரிரு நாளில் வீடு. ஆனால் வாய் நன்றாகத் திறக்க வேண்டும், கழுத்து பின்னால் வளைய வேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்து விறைத்தவர்களுக்கு இந்தக் குழாய் நிற்காது. ரொம்பச் சின்னப் பையிலும் ஸ்டேப்ளர் அடிவரை வெட்டாது. அப்படிப்பட்டவர்களுக்கு வளையும் எண்டோஸ்கோப் மூலமே குடல் நோய் நிபுணர்கள் அந்தச் சுவரை வெட்டுகிறார்கள். இன்னொரு வழி, கழுத்தின் இடப்பக்கம் கீறி, தசையை வெட்டி, பையை எடுத்துவிடுவது அல்லது மேலே தூக்கிக் கட்டுவது. அதில் பை மறுபடி வருவது குறைவு. ஆனால் குரல் நரம்புக்கு அடிபடும் அபாயமும் மருத்துவமனையில் தங்கும் நாளும் கூடுதல். வாய் வழியாகச் செய்தவர்களில் பத்தில் ஒருவருக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ தொந்தரவு திரும்பும். திரும்பினால் மறுபடி செய்ய முடியும்.

74 வயது இதற்குத் தடையே இல்லை. இந்த ஆபரேஷனுக்கு வருபவர்களே பெரும்பாலும் எழுபது, எண்பதில் இருப்பவர்கள்தான். பார்க்க வேண்டியது இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்பதை. ஒன்றை மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்: ‘தொண்டையில் பை இருக்கிறது.’ எட்டு மணி நேரம் பட்டினி இருந்தால் இரைப்பை காலியாகும், இந்தப் பை காலியாகாது. மயக்கம் கொடுக்கும் நேரத்தில் அது கவிழ்ந்து நுரையீரலுக்குள் போகாமல் அவர்கள் தனி முன்னேற்பாடு செய்ய வேண்டும். இது இந்த ஆபரேஷனுக்கு மட்டுமில்லை. நாளைக்கே கண்புரைக்காகப் படுக்க வைத்தாலும், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் போட நேர்ந்தாலும் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறவென்று இருப்பது, இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் ஓடிவர வேண்டும்; எண்டோஸ்கோபிக்குப் பிறகும் இதேதான். இன்னொன்று: பிறகு பேரியம் எடுத்தால் பை இன்னும் தெரியும். வெட்டியது சுவரை, பையை இல்லை. படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். எதுக்களிப்பு நின்றதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தத் தபால்காரருக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் வாரம் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டிவிட்டது. முன்பு கூட்டி வைத்திருந்த மாத்திரை இப்போது முழுதாக உள்ளே போக ஆரம்பித்திருந்தது. அளவைப் பாதியாகக் குறைத்தோம். மாமாவுக்கும் ஆபரேஷன் ஆனால் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளின் அளவை முதல் வாரத்திலேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் குழைந்த சோறு, நன்றாக மசித்த காய், சின்னச் சின்னக் கவளம், ஒவ்வொரு நாலைந்து கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர். பீன்ஸ், கீரைத்தண்டு, முருங்கைக்காய், வேர்க்கடலை இப்போதைக்கு வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துவிட்டு, படுக்கும் முன் முன்னால் குனிந்து, தங்கியிருப்பதைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்கட்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வையுங்கள். கேஸ் மாத்திரையைப் பொறுத்தவரை, அவருக்கு நெஞ்செரிச்சலும் தனியாக இருக்கலாம், அதனால் டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். ஆனால் இந்தப் பைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேரியம் படம் கையில் கிடைத்ததும் பையின் அளவு எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பதையும், அவர் போடும் மாத்திரைகளின் பட்டியலையும் எனக்கு எழுதுங்கள். எந்த வழி அவருக்குப் பொருந்தும் என்று அப்போது பேசலாம்.